எட்டுப் புளியங்கொட்டை: தெப்பக்குளத்தைச் சுற்றி முதல் 10 கி.மீ.

மதுரையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் எனக்கு நடந்து போகும் தூரம். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஒரு பக்கம் சுமார் 300 மீட்டர். சுவரை ஒட்டி வெளிச்சாலையில் ஒரு சுற்று வந்தால் என் போனில் 1.25 கி.மீ. காட்டும். அப்படியென்றால் எட்டுச் சுற்று 10 கி.மீ. இந்தக் கணக்கு சுலபமாக இருந்ததால்தான் டிசம்பர் கடைசியில் நடக்கும் ஒரு 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பேர் கொடுக்கும் தைரியமே வந்தது. வயது 38, நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. கடைசியாக ஓடியது பள்ளியில். கையில் பத்து வாரம்.

சுற்றை எண்ணுவதற்குப் புளியங்கொட்டை. இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒரு சுற்று முடிய ஒன்றை வலது பாக்கெட்டுக்கு மாற்றுவேன். மூன்றாவது சுற்றுக்கு மேல் எனக்கு எண்ணிக்கை நிற்காது.

வாரம் 1 முதல் 3 வரை

முதல் நாள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கிளம்பியதும் ஓட்டம் என்றால் ஓட்டம்தான். ஒரு சுற்றை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தவள், பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்க ஆடுசதை விடவில்லை.

அதன் பிறகுதான் ஒழுங்காகத் திட்டம் போட்டேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு மட்டும் ஓட்டம். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. இரண்டாம் வாரம் இரண்டுக்கு இரண்டு. மூன்றாம் வாரம் நான்கு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அந்த வாரம் மூன்று நாளும் மும்மூன்று சுற்று, மொத்தம் ஒன்பது.

வேகத்தை எப்படிப் பிடிப்பது என்பதுதான் பெரிய குழப்பமாக இருந்தது. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடச் சொல்கிறார்கள், ஆனால் தனியாக ஓடுகிறவள் யாரிடம் பேசுவது? அம்மா ஆறு மணிக்குப் போன் பண்ணுவது வழக்கம். ஒருநாள் ஓடிக்கொண்டே எடுத்தேன். "என்னடி, மூச்சு வாங்குது? உடம்புக்கு என்ன?" என்றாள். வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். பக்கத்தில் வேகமாக நடந்துகொண்டிருந்த ஒரு மாமா என்னைத் தாண்டிப் போன பிறகுதான் அம்மா தங்கச்சி வீட்டுக் கதைக்கு மாறினாள். அதுதான் என் வேகம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கணக்குப் பார்த்தால் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வேகத்தில் மட்டும்தான் மறுநாள் கால் வலிக்கவில்லை.

வாரம் 4

இந்த வாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திட்டப்படி எட்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. செவ்வாய்க்கிழமை மூன்று சுற்று போனதே தெரியவில்லை. மூச்சு அவ்வளவு லேசாக இருந்தது. ஓய்வு நாளான புதன்கிழமையும் போய் மூன்று சுற்று ஓடினேன். வியாழன் மூன்று, ஞாயிறு நான்கு. ஒன்பதிலிருந்து ஒரே வாரத்தில் பதின்மூன்று சுற்று. 11 கி.மீ.யிலிருந்து 16 கி.மீ.க்குத் தாவியிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை 5 கி.மீ. முடிந்தது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை கட்டிலிலிருந்து இறங்கிய முதல் அடியிலேயே இடது கணுக்காலுக்கு மேலே, கணைக்கால் எலும்பின் உள்பக்கம் சுருக்கென்றது. பத்தடி நடந்ததும் குறைந்தது. செவ்வாய்க்கிழமை ஓட ஆரம்பித்ததும் வலித்தது, ஒரு சுற்று ஆனதும் மறைந்தது, வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் திரும்ப வந்தது. சூடானால் போய்விடுகிற வலிதானே என்று விட்டிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். எலும்பின் உள்ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தார். எனக்கு நாலு விரற்கடைக்கு மேல் நீளமாகப் பரவலாக வலித்தது. அப்புறம் அந்த ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். வலித்தது, ஆனால் குதிக்க முடிந்தது. "விரல் நுனி வைக்கிற ஒரே இடத்துல குத்துச்சுன்னா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிச்சா, குதிக்கவே முடியலைன்னா, அது எலும்புல கீறலா இருக்கலாம். அப்போ ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாக்கணும். உங்களுது அது இல்ல," என்றார். மூச்சும் இதயமும் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும், மூச்சு லேசானதை நம்பி ஓடினால் இதுதான் வரும் என்றும் சொன்னார்.

எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. ஏன் இடது காலில் மட்டும்? நான் எப்போதும் குளத்தை வலமாகச் சுற்றுகிறவள். பழக்கம்தானே, கோயில் குளம். குளம் வலது கைப்பக்கம். மழைத்தண்ணீர் வடிய சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். சுவரை ஒட்டி ஓடும்போது வலது கால் தாழ்விலும் இடது கால் மேட்டிலும் விழும். மேட்டில் விழுகிற பாதம் உள்பக்கமாகச் சாயும், உள்ஓரத்துத் தசை இழுபடும். பிசியோ இதைக் கேட்டுவிட்டு, இருக்கலாம், ஆனால் நீங்கள் கூட்டிய நாலு சுற்றுதான் முதல் காரணம் என்றார். நியாயம்தான். சாலை நாலு வாரமாக அப்படியேதான் சரிந்து கிடந்தது.

வாரம் 5, 6

ஐந்தாம் வாரம் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வெறும் நடை. மீதி இரண்டு நாளும் இரண்டிரண்டு சுற்று. அழுத்திப் பார்த்தால் வலி குறைந்துகொண்டே வந்தது தெரிந்தது. கூடவே வீட்டுப் படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, 12 முறை வீதம் மூன்று தடவை. தூக்குவதைவிட மெதுவாக இறக்குவதுதான் இதில் முக்கியம். காய்கறி வாங்கப் போட்டுக்கொண்டிருந்த பழைய கேன்வாஸை ஓரங்கட்டிவிட்டு ஓடுவதற்கென்றே ஒரு ஷூ வாங்கினேன். சாயங்காலமாகப் போய், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு எடுத்தேன்.

ஆறாம் வாரம் மறுபடி ஓட்டம். மூன்று, மூன்று, நான்கு. இந்த முறை ஒரு சுற்று வலம், ஒரு சுற்று இடம். இரண்டாம் நாளே ஒரு பெரியவர் நிறுத்திவிட்டார். "ஏம்மா, கோயில் குளத்தைப் போய் இடமா சுத்துறியே?" சாமியை வலமாகத்தான் சுற்றுவேன் ஐயா, இது காலுக்காக என்றேன். திருப்தி ஆன மாதிரித் தெரியவில்லை. அடுத்த வாரமும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

வாரம் 7 முதல் 9 வரை

ஏழாம் வாரம் வியாழக்கிழமை கார்த்திகைக் கனமழை அதன் வேலையைக் காட்டியது. ஒருநாள் போனது. விட்டதை வெள்ளிக்கிழமை ஈடுகட்டலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. நாலாம் வாரத்துப் புதன்கிழமை ஞாபகம் வந்தது. ஈடுகட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டினேன். ஐந்து, ஆறு, ஏழு. மற்ற இரண்டு நாளும் மூன்று நான்கு சுற்றுக்குள். மழை விட்ட மறுநாள் காலை புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது. அன்றைக்கு அதே சிரமத்துக்குக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆகும். முதலில் உடம்பு பின்னால் போகிறதோ என்று பயந்தேன். அப்படி இல்லை, வியர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும், காயாத நாளில் இதயம் அதிகம் அடித்துக்கொள்ளும். அம்மா போன் கணக்குப்படியே ஓடினேன், கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஆறு சுற்று ஓடிய நாள் தொடை உள்பக்கம் உரசித் தோல் சிவந்து, குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் அலறிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து கிளம்பும் முன் தேங்காய் எண்ணெய். சாப்பாடு, ஓடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு வாழைப்பழம். இட்லி சாப்பிட்டுப் போன அன்று மூன்றாவது சுற்றில் அது தொண்டைக்கு வந்து நலம் விசாரித்தது.

ஒன்பதாம் வார ஞாயிறு ஏழு சுற்று. 8.75 கி.மீ. எட்டையும் முடித்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஒரு கொட்டையை இடது பாக்கெட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வாரம் 10

செவ்வாய் இரண்டு சுற்று, வியாழன் ஒரு சுற்று, அதுவும் மெதுவாக. புது சாக்ஸ், புது உடை எதுவும் வேண்டாம் என்று பழையதையே துவைத்து வைத்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணி. கூட்டத்தோடு கிளம்பியதில் முதல் கிலோமீட்டர் 7:15. மனசு குதூகலித்தது, ஆனால் இந்த நேரம் அம்மா போன் பண்ணியிருந்தால் ஆம்புலன்ஸையே கூப்பிட்டிருப்பாள். ஆட்கள் தாண்டிப் போகப் போக வேகத்தைக் குறைத்தேன். அடுத்த ஆறு கிலோமீட்டரும் 8:35 சராசரி. ஏழு தாண்டியதும் அந்த முதல் கிலோமீட்டர் தன் பாக்கியை வசூலிக்க ஆரம்பித்தது. தொடை கனத்தது. தண்ணீர் வைத்திருந்த இடங்களில் நின்று இரண்டு மடக்கு குடித்து முப்பது அடி நடந்தேன். எட்டும் ஒன்பதும் ஒன்பது ஒன்பது நிமிடம். கடைசிக் கிலோமீட்டர் 7:55, அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மொத்தம் 1 மணி 24 நிமிடம் 40 விநாடி.

வீட்டுக்கு வந்ததும் இடது காலின் உள்ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை. துவைக்கப் போட்ட பேண்டின் இடது பாக்கெட்டில், போன வாரம் மிச்சம் வைத்த கொட்டை இருந்தது. செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்று நடந்தேன். அன்றைக்கு வலமாகத்தான். எதிரில் பெரியவர் வந்துகொண்டிருந்தார்.