தூக்க மாத்திரை போட்டபின் நான் ஓட்டிய வண்டி

அம்மா இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போனேன். சோல்பிடெம் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். முதல் ராத்திரியே அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். அந்த நிம்மதியில் வேறு எதையும் யோசிக்கவில்லை.

நாலாவது வாரம் ஒரு காலையில் அடுப்பில் பால் பாத்திரம் அடிப்பிடித்துக் கறுத்துக் கிடந்தது. என் கணவரைக் கேட்டேன். "நீதானே ராத்திரி பால் காய்ச்சின? படுக்க வான்னதுக்கு, சரி வரேன்னு சொன்னியே" என்றார். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. அசதியில் மறந்திருப்பேன் என்று விட்டுவிட்டோம். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து வாட்ச்மேன் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ராத்திரி ஒரு மணிக்கு வண்டியில எங்கம்மா போனீங்க? கூப்பிட்டேன், தலையாட்டிட்டுப் போயிட்டீங்க." கீழே போய்ப் பார்த்தால் ஸ்கூட்டர் குறுக்கே நிற்கிறது, சாவி வண்டியிலேயே. இடது கண்ணாடியில் அரளி இலை ஒன்று செருகியிருந்தது. என் உள்ளங்காலில் மண்.

கேமரா பதிவைப் பார்த்தோம். 1.10-க்கு நைட்டியோடு, செருப்பில்லாமல் வருகிறேன். ஸ்டாண்டை எடுத்து, வண்டியைத் திருப்பி, சரியாக ஓட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறேன். 1.25-க்குத் திரும்பி வருகிறேன். நடுவில் எங்கே போனேன் என்று இன்றுவரை தெரியாது. தள்ளாட்டம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பார்ப்பவர் யாரும் நான் விழித்திருக்கிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

அன்றே வேறொரு டாக்டரிடம், தூக்கப் பிரச்சினைகளைப் பார்ப்பவரிடம் போனோம். மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவீர்கள், போட்டதும் படுப்பீர்களா, குடிப்பழக்கம் உண்டா, வேறு மாத்திரை உண்டா என்று கேட்டார். நான் ஒன்பதரைக்குப் போட்டுவிட்டு, பாத்திரம் கழுவி, போன் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். அந்த வாரம் சளிக்கு, தூக்கம் வரவைக்கும் மாத்திரை ஒன்றும் சேர்ந்திருந்தது. படுக்கையில் உட்கார்ந்த பிறகே போட வேண்டிய மருந்து இது. போட்டால் ஏழெட்டு மணி நேரம் படுத்தே இருக்க வேண்டும். பெண்கள் உடலில் இது மெதுவாகக் குறைவதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013-லேயே பெண்களுக்கான ஆரம்ப அளவை 5 மில்லிகிராமாகப் பாதியாக்கியது என்றும் சொன்னார்.

ஆனால் என் தவறால் மட்டும் இது நடந்ததென்று அவர் சொல்லவில்லை. சரியாகப் போட்டாலும், குறைந்த அளவிலும், முதல் மாத்திரையிலேயே கூட இப்படி நடக்கலாமாம். மூளையில் நடக்கவும் ஓட்டவும் தெரிந்த பகுதி எழுந்துவிடும். யோசிப்பதும் நினைவில் பதிப்பதும் எழாது. 2019-ல் அதே நிறுவனம் இந்த வகை மருந்துகளுக்குக் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட வைத்தது. இப்படி நடந்து பெரிய பாதிப்புக்கு ஆளானதாக அவர்கள் பார்த்த 66 பேரில் 20 பேர் இறந்திருந்தார்கள்.

ஒரு முறை நடந்துவிட்டால் அளவைக் குறைத்துத் தொடர்வதும் கூடாது, சோபிக்ளோன், எஸ்சோபிக்ளோன் என்ற அதே குடும்பத்து மருந்துக்கு மாறுவதும் கூடாது என்றார். நான் ஆறு வாரமே போட்டிருந்ததால் அன்றோடு நிறுத்தச் சொன்னார். மாதக்கணக்கில், அதிக அளவில் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அவர்கள் உடனே டாக்டரைக் கூப்பிட்டு அவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும்.

முதல் நாலு ராத்திரி தூக்கம் முன்பைவிட மோசம். வரும் என்று அவர் சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். சாவிகளை என் கணவர் தன் பீரோவில் பூட்டி வைத்தார்.

அப்புறம் மருந்தில்லாத சிகிச்சை. ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்ததில், ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரமே தூங்கியிருந்தேன். அதனால் பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழச் சொன்னார். பத்தரைக்கே கண் சொருகும். கூடத்தில் நடந்துகொண்டே இருப்பேன். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கினால், அடுத்த வாரம் பதினைந்து நிமிடம் கூட்டலாம். அந்த நாட்களில் பகலிலும் வண்டி ஓட்டவில்லை, பஸ்ஸில்தான் போனேன். மூன்றாவது வாரம்தான் ஒரே இழுப்பாக ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

என் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் டாக்டர் சிவப்பு மையில் அந்த மருந்துகளின் பெயரை எழுதி, கூடாது என்று கோடிட்டுத் தந்தார். போன மாதம் பித்தப்பைக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, ராத்திரி தூங்குவதற்கு என்று நர்ஸ் ஒரு மாத்திரை கொண்டுவந்தார். என் கணவர் அட்டையை வாங்கிப் படித்தார். சோபிக்ளோன். கோப்பைத் திறந்து காட்டினார். அந்தப் பெண் படித்துவிட்டு, மாத்திரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, என் கட்டிலில் தொங்கிய அட்டையிலும் அதை எழுதி வைத்தார்.