"மீண்டும் வாங்கு" பொத்தானைத் திட்டமிட்ட அனுபவம்: ஒரு கும்பகோணத்து அரிசிக் கடையிலிருந்து

கும்பகோணத்தில் மரபு நெல் அரிசியும் நெய்யும் விற்கும் எங்கள் சிறு கடைக்கு இணையத்தில் ஒரு விற்பனைத் தளம் உண்டு. அதில் வாங்குபவர்கள் ஒவ்வொரு முறையும் பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றைப் புதிதாக நிரப்பித்தான் ஆர்டர் கொடுத்து வந்தார்கள். 2025 நவம்பரில், வாடிக்கையாளருக்கென ஒரு கணக்குப் பகுதி அமைப்பது என்று முடிவு செய்தோம். பழைய ஆர்டர்களின் பட்டியல், சேமித்த முகவரிகள், முன்பு வாங்கியதையே திரும்ப வாங்க ஒரு பொத்தான் ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். பொத்தான்தான் எளிது, அது அரை நாள் வேலை என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் திட்டமிட எடுத்துக்கொண்ட மூன்று வாரங்களில் பெரும்பகுதி அந்தப் பொத்தானுக்கே போயிற்று.

தஞ்சாவூரிலிருந்து எங்களுக்கு நிரல் எழுதித்தரும் தம்பி, திரைகளை வரைவதற்கு முன்னால் ஒரு மாத வாட்ஸ்அப் செய்திகளைப் படித்துப் பார்க்கலாம் என்றார். "போன தடவை அனுப்பியதையே அனுப்பிவிடுங்கள்" என்ற செய்தி அவற்றில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. அதற்கு எங்கள் கடையில் பொட்டலம் கட்டும் அக்கா ஒருமுறைகூட "சரி" என்று மட்டும் பதில் எழுதியதில்லை. பழைய பில்லை எடுத்துப் பார்த்து, இது இருக்கிறது, இது தீர்ந்துவிட்டது, இதன் விலை மாறியிருக்கிறது, அதே வீட்டுக்குத்தானே அனுப்ப வேண்டும் என்று நான்கு செய்திகளைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே கட்டத் தொடங்கியிருக்கிறார். அந்த உரையாடலைத்தான் பொத்தான் நடத்தியாக வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது புரிந்தது. எனவே பொத்தானை அழுத்தியதும் பணம் கட்டும் பக்கத்துக்குப் போகக்கூடாது, பழைய ஆர்டரிலிருந்த பொருள்களை இன்றைய விலையிலும் இன்றைய இருப்பிலும் கூடைக்குள் வைத்து, மாறியவற்றை வரிவரியாகக் காட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டோம்.

இதைச் சோதிக்க ஓர் உண்மையான ஆர்டரை எடுத்தோம். திருவாரூரைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் 2025 ஆகஸ்டில் சீரகச் சம்பா பழைய அரிசி ஐந்து கிலோ, கருப்புக் கவுனி ஒரு கிலோப் பை இரண்டு, அரை லிட்டர் நெய் ஒன்று வாங்கியிருந்தார். நவம்பரில் அவர் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று தாளில் எழுதிப் பார்த்தபோது, மூன்று வரிகளில் ஒன்றுகூடப் பழையபடியே வரவில்லை.

முதல் வரிதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. நாங்கள் பழைய அரிசி என்று விற்பது, நெல்லை அறுவடைக்குப் பின் ஓராண்டாவது மூட்டையில் வைத்திருந்து அரைத்தது. புது அரிசி வடிக்கும்போது குழையும். பழையது கூடுதலாகத் தண்ணீர் வாங்கி உதிரியாக வரும். பிரியாணிக்கும் விருந்துக்கும் வாங்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடே எல்லாம். அந்த ஆசிரியை ஆகஸ்டில் வாங்கியது 2024 தை அறுவடை. அது அக்டோபரிலேயே தீர்ந்துவிட்டது. கடையில் மீதமிருந்த 2025 தை அறுவடை, அடுத்த தை வரை எங்கள் கணக்கில் பழையது ஆகாது. ஆனால் தளத்தில் நாங்கள் பல ஆண்டுகளாக ஒரு தவறான பழக்கத்தை வைத்திருந்தோம். சீரகச் சம்பாவுக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்கும். சரக்கு மாறும்போது அதிலேயே படத்தையும் விலையையும் விளக்கத்தையும் திருத்திவிடுவோம். பொருளின் எண் மாறாததால், பொத்தானைப் பொறுத்தவரை ஆகஸ்டில் வாங்கியதும் இன்று இருப்பதும் ஒன்றே. கூடையில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் புது அரிசி வந்து உட்கார்ந்திருக்கும். பொட்டலம் வீட்டுக்குப் போய், உலை வைத்த பிறகுதான் தவறு தெரியவந்திருக்கும்.

கணினியில் பிழை என்று எதுவும் தோன்றாத இந்த வகைத் தவறைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் அதை வாங்கியவர் சொன்னாலன்றி நாம் அறிய வழியே இல்லை. ஆகவே ஒவ்வோர் அறுவடையையும் தனிப் பொருளாகவும் தனி எண்ணோடும் பதிவது என்றும், தீர்ந்துபோன பொருளை அழிக்காமல் "விற்பனையில் இல்லை" என்று குறித்து வைப்பது என்றும் விதி வகுத்தோம். அழித்துவிட்டால் பழைய ஆர்டரின் பக்கம் எதைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றுவிடும். தீர்ந்த அறுவடைக்கு அடுத்த அறுவடையைத் தானாக மாற்றிவைக்கலாமே என்று தம்பி கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதை ஒரு பரிந்துரையாகக் கீழே காட்டலாம். கூடைக்குள் வைப்பதை வாங்குபவரே செய்ய வேண்டும்.

கவுனி வரியில் சிக்கல் சிறியது. ஒரு கிலோப் பையை நிறுத்திவிட்டு அரைக் கிலோப் பைக்கு மாறியிருந்தோம். இங்கே பொருள் ஒன்றேதான், அளவு மட்டுமே வேறு என்பதால், நான்கு பைகளாக மாற்றித் தரலாமா என்று திரை கேட்கும்படி அமைத்தோம்.

ஆர்டரின் மூன்றாவது வரியான நெய் எங்களுக்கு வேறொன்றைக் கற்றுத்தந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நெய்யின் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 400 ரூபாய் என்றால், ஆகஸ்டில் 448 ரூபாய்க்கு விற்ற பாட்டில் நவம்பரில் 420 ரூபாய். கூடையில் புதிய விலை வருவது எளிது. ஆனால் ஆசிரியை தம் பழைய ஆர்டரைத் திறந்து பில்லைத் தரவிறக்கினால் அதில் என்ன இருக்க வேண்டும்? சந்தேகமில்லாமல் 448 ரூபாயும் 12 விழுக்காடும்தான். எங்கள் தளமோ ஆர்டரில் பொருளின் எண்ணையும் எண்ணிக்கையையும் மட்டுமே வைத்துக்கொண்டு, பெயரையும் விலையையும் வரியையும் அவ்வப்போது பொருள் பதிவிலிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அச்சிட்ட பில்கள் கடையில் இருந்ததால் இத்தனை நாள் தப்பித்தோம். இனி ஆர்டர் உறுதியாகும் நொடியில் பொருளின் பெயர், அளவு, விலை, வரி விழுக்காடு எல்லாம் அந்த ஆர்டரிலேயே படியெடுத்து வைக்கப்படும். பிறகு எவரும் அதைத் திருத்த முடியாது. பொருளின் எண்ணும் உடன் இருக்கும், ஆனால் அது பொத்தானுக்கு மட்டுமே பயன்படும்.

முகவரிக்கும் இதே விதி பொருந்தும் என்பதை உடனே கண்டுகொண்டோம். சேமித்த முகவரியை வாடிக்கையாளர் நாளை திருத்தினால், போன ஆண்டு மயிலாடுதுறைக்குப் போன பொட்டலம் தஞ்சாவூருக்குப் போனதாகப் பட்டியல் காட்டக்கூடாது. ஆர்டர் தன் முகவரியைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும்; சேமித்த முகவரி அடுத்த ஆர்டருக்கான தொடக்கம் மட்டுமே.

முகவரிப் படிவத்தில் டெல்டாவுக்கே உரிய சில தொல்லைகள் இருந்தன. கீழத்தெருவும் மேலத்தெருவும் இல்லாத ஊர் இங்கே அரிது. ஓர் அஞ்சல் குறியீட்டின்கீழ்ப் பல ஊர்கள் வரும். ஊர்ப் பெயருக்குத் தனிக் கட்டமும், கோவில், குளம், பள்ளி என்று அடையாளம் சொல்ல ஒரு கட்டமும் வைத்தோம். மாவட்டத்தைக் கேட்பதை விட்டுவிட்டோம். மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமான பிறகும் பலர் பழக்கத்தில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே எழுதுகிறார்கள், கூரியர்காரருக்கு அது தேவைப்படுவதும் இல்லை.

மாநிலத்தை மட்டும் விட முடியவில்லை. அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களை வைத்து மாநிலத்தைத் தானாக நிரப்பிவிடலாம் என்று முதல் வரைவில் எழுதியிருந்தோம். மயிலாடுதுறை 609001, காரைக்கால் 609602. முதல் மூன்று இலக்கங்கள் ஒன்றே. ஆனால் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. கும்பகோணத்திலிருந்து காரைக்காலுக்கு அனுப்பும் பொருளுக்குப் பில்லில் மாநில வரியும் மத்திய வரியும் பாதிப் பாதியாக வராது, ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக வர வேண்டும். கட்டும் தொகை மாறாது என்பதால் வாங்குபவர் கண்ணில் இந்தத் தவறு படாது. கணக்கர்தான் மாதக் கடைசியில் தவிப்பார். எனவே ஆறு இலக்கங்களையும் வைத்து மாநிலத்தைத் தேர்ந்து காட்டி, வாங்குபவரே பார்த்து உறுதி செய்யும்படி மாற்றினோம். பழைய ஆர்டரைத் திரும்ப வாங்கும்போது வேறு முகவரியைத் தேர்ந்தால் அனுப்பும் கட்டணத்தோடு வரியின் வகையும் மறுபடி கணக்கிடப்பட வேண்டும் என்ற விதி இதனால்தான் திட்டத்தில் சேர்ந்தது.

அடுத்து, கணக்கு இல்லாத காலத்தில் வந்த ஆர்டர்களை யாருடைய பட்டியலில் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தது. கைபேசிக்கு வரும் ஓடிபி கொண்டு உள்ளே வரச் செய்து, அதே எண் உள்ள பழைய ஆர்டர்களை எல்லாம் காட்டிவிடலாம் என்பதே முதல் எண்ணம். ஆனால் சென்னையிலிருக்கும் மகன் பணம் கட்டி, ஊரிலிருக்கும் அம்மாவின் எண்ணைக் கொடுத்த ஆர்டர்கள் எங்களிடம் நிறைய உண்டு. மேலும் துண்டிக்கப்பட்ட கைபேசி எண்ணை, 90 நாள் கழிந்த பிறகு நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுக்கலாம். எண்ணைப் புதிதாகப் பெற்றவர் உள்ளே நுழைந்தால், முன்பின் அறியாத ஒருவரின் வீட்டு முகவரி அவர் கண்முன் விரியும். ஆகவே பழைய ஆர்டரைக் கணக்கில் சேர்க்க, ஓடிபியோடு அந்த ஆர்டரின் எண்ணையும் அது போய்ச்சேர்ந்த அஞ்சல் குறியீட்டையும் கேட்பது என்று முடிவாயிற்று. ஆர்டர் எண் வரிசையாக ஏறுவதால், உலாவியின் முகவரிப் பட்டையில் எண்ணை மாற்றி அடுத்தவர் ஆர்டரைப் பார்க்கும் வழியையும் தம்பி அடைத்தார். உள்ளே வந்திருப்பவரின் அடையாளம் இல்லாமல் எந்த ஆர்டரையும் எடுக்கக்கூடாது என்பது அதன் பொருள்:

```sql
SELECT * FROM orders
WHERE id = :order_id
  AND customer_id = :logged_in_id;
```

பொத்தானை அவசரத்தில் இருமுறை அழுத்தினால் அளவு இரட்டிக்குமே என்று அக்காதான் நினைவூட்டினார். அதனால் கூடையில் ஏற்கெனவே இருக்கும் பொருளின் எண்ணிக்கையைப் பொத்தான் தொடாது. எத்தனை முறை அழுத்தினாலும் விளைவு ஒன்றே.

எழுதி முடித்த திட்டத்தின்படி தம்பி ஒரு மாதிரித் திரையை உருவாக்கினார். அதை அந்த ஆசிரியையிடமே காட்டினோம். நெய்யின் விலை குறைந்திருப்பதைப் பார்த்து இரண்டு பாட்டிலாக்கினார். கவுனியை நான்கு பைகளாக மாற்ற ஒப்புக்கொண்டார். சீரகச் சம்பா வரியில் "2024 தை அறுவடை தீர்ந்துவிட்டது, 2025 தை அறுவடை இருக்கிறது, இது புது அரிசி" என்பதைப் படித்துவிட்டு, சிறிது நேரம் யோசித்தார். "இது பழையதாகட்டும். அப்போது எனக்குச் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. பரிந்துரைக்குக் கீழே "பழைய அரிசி வந்ததும் தெரிவிக்கவும்" என்று ஒரு கட்டத்தைத் தம்பி அன்று மாலையே திட்டத்தில் சேர்த்தார். முதல் பெயராக ஆசிரியையின் பெயரை அக்கா தம் நோட்டில் தை மாதத்துக்கு எதிரே எழுதி வைத்துக்கொண்டார்.