மதிப்பீட்டு மாதம்

மார்ச் 3
படிவங்கள் வந்துவிட்டன. அக்கா மகனுக்கு எல்லாத் தலைப்புகளிலும் ஐந்துக்கு 5. குறிப்பு எழுதும் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. மற்ற நால்வருக்கும் கிடங்கு மேலாளர் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்.

மார்ச் 4
தூக்கம் பிடிக்கவில்லை. அவனுக்குப் போட்ட 5 மதிப்பெண் அல்ல, என் மீது மேலாளருக்குள்ள பயம். வேலையைப் பார்த்துப் போட்டிருந்தால் ஒரு வரியாவது எழுத வந்திருக்கும். காலையில் ஐந்து படிவங்களையும் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கீழே இரண்டு சம்பவங்கள், தேதியுடன். கடைசி மாதத்தை மட்டும் பார்க்காமல் ஆண்டு முழுவதிலிருந்தும் எடுக்க வேண்டும். அவன் படிவத்தை மட்டும் திருப்பியிருந்தால் அதுவும் ஓரவஞ்சனைதான்.

மார்ச் 6
அக்கா பேசினாள். "தம்பி, இந்த வருடமாவது பிள்ளைக்குப் பார்த்துச் செய்." அக்கா பங்குதாரர், லாபத்தில் அவளுக்கு உரியது போய்க்கொண்டுதான் இருக்கிறது. அது உரிமைக்கு. சம்பளம் வேலைக்கு. பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்பவர் குறைவாக வாங்க வேண்டுமா?

மார்ச் 9
புதிய படிவங்கள். இப்போது மறுகோடி. நேரத்தில் சரக்கு அனுப்புவதில் அவனுக்கு 2. ஆள்வாரியாகப் படித்தால் இது பிடிபடாது. பெயர்களை மறைத்து, ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு ஐந்து தாள்களிலும் வரிசையாகப் பார்த்தேன். அவன் பொறுப்பில் 6 தாமதங்கள். 7 தாமதமான இன்னொருவருக்கு 3. பயப்படவில்லை என்று காட்டுவதற்காகக் குறைத்திருக்கிறார். நானே திருத்தினால் அது மாமன் போட்ட மதிப்பெண்ணாகிவிடும். இரண்டு தாள்களையும் மேலாளர் முன் வைத்தேன். அவரே 3 என்று மாற்றினார்.

இருப்புச் சரிபார்ப்பில் போட்ட 2 அப்படியே நின்றது, நிற்கவும் வேண்டும். எண்ணிக்கைத் தாளில் அவன் கையெழுத்து இருக்கிறது; அலமாரியில் மூன்று பெட்டிகள் குறைவு. எண்ணாமலே கையெழுத்திட்டிருக்கிறான்.

மார்ச் 10
மேலாளர் இன்று என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

மார்ச் 12
மேலாளரே அவனை உட்காரவைத்துப் பேசினார். நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. மாலையில் வந்து நின்றான். "மாமா, அந்த 2..." என்று ஆரம்பித்தான். "அதை மேலாளரிடம் கேள். எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க எல்லோரையும் போல உனக்கும் ஒரு வாரம் இருக்கிறது" என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். தூக்கி வளர்த்த பிள்ளை. நெஞ்சு வலிக்கிறது.

மார்ச் 13
ஊதிய உயர்வு அட்டவணையை ஆண்டுத் தொடக்கத்திலேயே சுவரில் ஒட்டியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! எந்த மதிப்பெண்ணுக்கு எவ்வளவு என்பதில் இனி யாரும் கைவைக்க முடியாது, நான் உட்பட. ஐவரில் அவன் மூன்றாவது.

மார்ச் 16
ஓர் ஆட்சேபக் கடிதம். அவனுடையது அல்ல. 7 தாமதங்களுக்கு 3 வாங்கியவர் எழுதியிருக்கிறார்: அவற்றில் ஐந்து, வண்டி வராததால் நேர்ந்தவை, தன்னை அவனோடு சமமாக வைத்தது எப்படி என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. வண்டிப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அவனுடைய ஆறையும் அதே பதிவேட்டில் பார்க்க வேண்டும்.