சீனி போடாத டீ

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பொதுச் சுகாதார முதுகலை படித்தபோது ஆய்வேட்டுக்காக ஒரு சின்னக் கணக்கெடுப்பு செய்தேன். சாட்ஸ்வொர்த்தில் நம் ஆட்கள் அதிகம் வாழும் சில தெருக்களில், 45 வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, என்ன சாப்பிடுகிறார்கள், என்ன குடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "மண்டபத்துக்கு நடந்து வர முடிந்தவர்கள்தானே உங்கள் கணக்கில் வருவார்கள்?" என்றார். கால் எடுத்தவர், டயாலிசிஸில் இருப்பவர் யாரும் வரமாட்டார்கள். சரி என்று பத்து வீட்டுக்கு ஒரு வீடாகக் கதவைத் தட்டி 200 பேரைச் சேர்த்தேன். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு சந்திப்பு. கேள்வித்தாளை நிரப்பி, சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் HbA1c பார்க்க ரத்தம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். குறுக்குவெட்டு ஆய்வு என்பது இவ்வளவுதான்: பழக்கத்தையும் நோயையும் ஒரே நாளில் அளப்பது.

அட்டவணை போட்டபோதுதான் வேடிக்கை. சீனி போடாமல் டீ குடிப்பவர்கள் 80 பேர். அவர்களில் 36 பேருக்கு நோய், அதாவது 45 சதவீதம். சீனி போட்டுக் குடிப்பவர்கள் 120 பேர். அவர்களில் 18 பேருக்குத்தான் நோய், 15 சதவீதம். சீனியை விட்டவர்களுக்கு மூன்று மடங்கு நோய்! இந்த அட்டவணையை அப்படியே நம்பினால் எல்லோரையும் இரண்டு கரண்டி சீனி போடச் சொல்ல வேண்டியதுதான்.

யோசித்தால் காரணம் எளிது. டாக்டர் சொன்ன பிறகு சீனியை நிறுத்தியவர்கள் அவர்கள். பழக்கம் நோயைக் கொண்டுவரவில்லை, நோய்தான் பழக்கத்தை மாற்றியிருக்கிறது. டீயானதால் உடனே சிரிப்பு வந்தது. இதுவே 'உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு நோய் அதிகம்' என்று வந்திருந்தால் யோசிக்காமல் எழுதியிருப்பேன். நோயால் கால் மரத்துப்போய் நடையை விட்டவர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள் என்று தோன்றியே இருக்காது.

நோய் இருந்த 54 பேரில் 40 பேருக்கு முன்பே தெரியும். 14 பேருக்கு என் பரிசோதனையில்தான் தெரிந்தது. தெரியாத நோய்க்காக யாரும் டீயை மாற்றியிருக்க முடியாது என்பதால், அந்த 40 பேரை ஒதுக்கிவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டேன். சீனி போடாதவர்களில் 47 பேர் மிஞ்சினார்கள். அவர்களில் 3 பேருக்குப் புதிதாகக் கண்ட நோய், சுமார் 6 சதவீதம். சீனி போடுபவர்களில் 113 பேர். அவர்களில் 11 பேருக்கு, சுமார் 10 சதவீதம். கணக்கு தலைகீழாகப் புரண்டது. உடனே 'சீனிதான் காரணம்' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். வழிகாட்டி அதையும் அடித்துவிட்டார். 14 பேரை வைத்து 6-க்கும் 10-க்கும் வித்தியாசம் பேச முடியாது. அதைவிட, புதிதாகக் கண்ட நோய் என்றால் புதிதாக வந்த நோய் என்று அர்த்தமில்லை. சர்க்கரை நோய் வெளியே தெரியாமல் பல வருஷம் இருக்கும்.

அப்படியென்றால் இந்த ஆய்வு எதற்கு என்று கேட்டேன். அவர் 200-க்கு 54 என்ற எண்ணைக் காட்டினார். நூற்றுக்கு 27 பேர், அதில் கால்வாசிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. எத்தனை பேருக்கு மருந்து வேண்டும், எங்கே பரிசோதனை முகாம் போடலாம் என்று முடிவெடுக்க இதுதான் வேண்டும். மொரீஷியஸில் 1987-இல் தொடங்கி சில வருஷங்களுக்கு ஒருமுறை நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்துவதும் இதே மாதிரிதான். நாட்டில் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதில் தெரியும். ஆண், பெண், ரத்த வகை போன்றவற்றோடு நோயை ஒப்பிட்டாலும் எது முந்தி என்ற குழப்பம் வராது, நோய் வந்து ரத்த வகையை மாற்றாது. டீ அப்படியில்லை. அதற்கு நோய் இல்லாதவர்களாகச் சேர்த்து, இன்றைய பழக்கத்தை எழுதிவைத்து, யாருக்கு நோய் வருகிறது என்று வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும்.

சீனி போடாதவர்களில் புதிதாக நோய் கண்ட அந்த மூன்று பேரில் ஒரு ஆன்ட்டிக்கு முடிவைச் சொல்லி, கிளினிக்கில் மறுபரிசோதனை செய்யச் சொல்லப் போயிருந்தேன். HbA1c 7.8. "நான் டீயில் சீனியே போடுவதில்லையே கண்ணு, எனக்கு எப்படி?" என்றார். எப்போதிலிருந்து போடுவதில்லை என்று கேட்டேன். "அக்காவுக்குச் சர்க்கரையில் கால் எடுத்தார்களே, ரெண்டு வருஷம் ஆச்சு. அன்றிலிருந்து." அந்த 7.8 கடந்த இரண்டு மூன்று மாத ரத்தத்தைப் பற்றித்தான் பேசும். இரண்டு வருஷத்துக்கு முன்பே அவருக்கு நோய் இருந்ததா என்பதற்கு என் கேள்வித்தாளில் கட்டம் இல்லை.