ஹொட் பிளேட் வினாவில் புள்ளிகள் இருப்பது அந்த இடைவெளியில்தான்

பெறுபேறு வந்துவிட்டது, கட்டடப் பொருட்சோதனைத் தாளில் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல சித்தி கிடைத்திருக்கிறது. அடுத்த தடவை திருகோணமலையிலிருந்து அதே தாளை எழுதப்போகிறவர்கள் பலர் என்னிடம் கேட்டதால் இதை எழுதுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். வெப்பக் காவலிப் பொருள்களின் பொதியில் அச்சிடப்படும் கடத்தாறு எவ்வாறு அளக்கப்படுகிறது என்ற அந்த நீண்ட ஹொட் பிளேட் வினாவைப் பற்றி மட்டுமே சொல்லப்போகிறேன். வகுப்புக் குறிப்புகள் அதற்குச் சூத்திரத்தை மட்டும் தந்துவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகின்றன என்ற கசப்பு எனக்கு இன்னும் உண்டு.

உயர்தரத்தில் படித்த சேளின் முறையை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். அங்கே பொருள் உலோகக் கோல். நிறைய வெப்பம் பாய்கிறது, அதை நீரின் வெப்பநிலை ஏற்றத்தால் கணிக்கிறோம். கண்ணாடிக் கம்பளியோ பொலிஸ்டைரீனோ ஊடாகப் பாயும் வெப்பம் மிகச் சொற்பமாக இருப்பதால், பக்கவாட்டில் சிறிதளவு கசிந்தாலும் அது அளவிடப்படும் தொகைக்கு ஈடாக வந்துவிடும். ஆகவே மாதிரியை அகலமான தட்டையான பலகையாக எடுத்து, அதற்குக் கொடுக்கும் மின்வலுவையே வெப்பப் பாய்ச்சலாகக் கொள்கிறார்கள். கொடுத்த மின்வலு முழுவதும் மாதிரிக்குள்தான் போனது என்று நிரூபிப்பதே இந்தச் சோதனையின் பெரும்பகுதி வேலை.

ஐஎஸ்ஓ 8302 நியமம் விவரிக்கும் ஹொட் பிளேட் கருவியில் நடுவே சூடேற்றப்படும் தட்டு ஒன்று உண்டு. அதன் இரு பக்கமும் ஒரே வகையான இரண்டு மாதிரிகள், அவற்றுக்கு வெளியே இரண்டு குளிர்தட்டுகள் இருக்கும். நடுத்தட்டு ஒரே துண்டன்று. மையத்தில் அளவீட்டுப் பகுதி, அதைச் சுற்றிக் காப்பு வளையம், இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீற்றர் இடைவெளி என்று பிரிந்திருக்கும். இரண்டுக்கும் தனித்தனிச் சூடாக்கிகள் உள்ளன. கணக்கில் சேர்ப்பது மையச் சூடாக்கியின் வலுவை மட்டுமே. வளையம் மையத்தின் அதே வெப்பநிலையில் இருக்கும்வரை மையத்திலிருந்து பக்கவாட்டில் வெப்பம் போக வழியில்லை, அது நேராக மாதிரிகளுக்குள் மட்டுமே செல்லும். மாதிரியின் விளிம்பில் நிகழும் இழப்புகளை வளையம் தன் செலவில் ஏற்றுக்கொள்கிறது.

இனி ஓர் உதாரணக் கணக்கு. அளவீட்டுப் பகுதி 150 மில்லிமீற்றர் சதுரம், அதாவது A = 0.0225 சதுர மீற்றர். இரண்டு மாதிரிகளும் 40 மில்லிமீற்றர் தடிப்பு, சூடான முகத்துக்கும் குளிர்ந்த முகத்துக்கும் வேறுபாடு 20 கெல்வின், மையச் சூடாக்கியின் வலு Φ 0.7875 வாற்று என்று வைத்துக்கொள்வோம். கடத்தாறு λ இப்படி வரும்:

λ = Φd / (2AΔT) = (0.7875 × 0.04) / (2 × 0.0225 × 20) = 0.0350 W/mK

கீழே உள்ள 2 இரண்டு மாதிரிகளுக்கானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வலுவின் அளவு: முழுச் சோதனையும் ஒரு வாற்றுக்கும் குறைந்த வெப்பத்தைக் கொண்டு நடக்கிறது.

இப்போது வளையம் மையத்தைவிட 0.2 கெல்வின் குளிர்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். இடைவெளியைக் கடக்கும் வெப்பம் கெல்வினுக்கு 0.05 வாற்று என்று வினாவில் தரப்பட்டிருந்தால், மையத்திலிருந்து வளையத்துக்கு 0.01 வாற்று ஒழுகுகிறது. மையத்தை அதே வெப்பநிலையில் வைத்திருக்கச் சூடாக்கி அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருப்பதால் அளவுமானி 0.7975 வாற்று காட்டும், கணக்கில் λ 0.0354 ஆகிவிடும். வளையம் 0.2 கெல்வின் சூடாக இருந்தால் இதற்கு நேர்மாறு: மையத்துக்கு இலவசமாக வெப்பம் வருகிறது, வலு 0.7775 ஆகக் குறைகிறது, λ 0.0346 என்று வந்து பொருள் உண்மையில் இருப்பதைவிடச் சிறந்ததாகத் தோன்றுகிறது. வளையம் குளிர்ந்தாலோ சூடானாலோ அந்த வழு λ ஐ எந்தப் பக்கம் தள்ளும் என்பதை விளங்கச் சொன்ன விடைக்குத்தான் புள்ளிகள் கிடைக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். கருவியின் பெரிய வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவதில் நேரம் செலவிட வேண்டாம்.

சமநிலை இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? இடைவெளியின் குறுக்கே பல வெப்பவிணைகளைத் தொடராக இணைத்து, ஒரு பக்கச் சந்திகள் மையத்திலும் மறுபக்கச் சந்திகள் வளையத்திலும் படும்படி வைக்கிறார்கள். ஓர் இணை கெல்வினுக்கு ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ற்று தந்தால், 20 இணைகள் 800 மைக்ரோவோல்ற்று தரும். ஆகவே கெல்வினில் நூறில் ஒரு பங்கு வேறுபாடும் புலப்படும். ஆனால் அந்த வோல்ற்றளவு பூச்சியம் என்பதால் பாய்ச்சலும் பூச்சியம் என்று நம்பிவிட முடியாது, ஏனெனில் சந்திகள் இடைவெளியின் சில இடங்களை மட்டுமே பார்க்கின்றன. இதற்கு ஆய்வுகூடங்கள் கையாளும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. வளையத்தை வேண்டுமென்றே சற்றுச் சூடாகவும் பின்னர் சற்றுக் குளிராகவும் வைத்து, ஒவ்வொரு தடவையும் மையத்தின் வலுவைக் குறித்து, வலுவுக்கும் வோல்ற்றளவுக்கும் வரைபு வரைகிறார்கள். மேலே சொன்ன எண்களில் 0.4 கெல்வின் மாற்றத்துக்கு 0.02 வாற்று மாறியது; வோல்ற்றளவைக் கெல்வினாக மாற்றிப் பார்த்தால் சாய்வு 0.05, பூச்சியத்தில் கோடு வெட்டுமிடம் 0.7875. அந்தச் சாய்வு தெரிந்தால், வெப்பவிணைகள் தவறவிடக்கூடிய சிறு சமநிலையின்மை எவ்வளவு வழுவைத் தரும் என்பதும் தெரிந்துவிடும். நீங்கள் என்னைப்போல் வரைபை வைத்துச் சிந்திப்பவராக இருந்தால் இதை விடையில் ஒரு சிறு கோட்டுப்படமாகப் போடுங்கள். எண்களை விரும்புபவர்கள் அட்டவணையாகவே தரலாம்.

பரப்பை இடைவெளியின் நடுக்கோடு வரை எடுக்க வேண்டும். 147 மில்லிமீற்றர் மையத் தட்டும் 3 மில்லிமீற்றர் இடைவெளியும் இருந்தால் பக்கம் 150 தான். 147 என்று எடுத்தால் λ ஏறத்தாழ 4% கூடிவிடும், அது மேற்சொன்ன 0.2 கெல்வின் வழுவைவிட மூன்று மடங்குக்கு மேல். தடிப்பையும் பொதியில் இருந்து எடுக்காமல், தட்டுகளுக்கு நடுவே மாதிரி அழுத்தப்பட்ட நிலையில் அளந்ததையே இட வேண்டும்.

ஈரப்பதனைப் பற்றி நமது கரையோரத்து மாணவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதிரியில் தங்கிய நீர் சூடான முகத்தில் ஆவியாகிக் குளிர்ந்த முகத்துக்குச் சென்று ஒடுங்குகிறது; போகும்போது மறைவெப்பத்தையும் தூக்கிச் செல்கிறது. அளவீட்டுப் பகுதிக்கு நேரே மணிக்கு ஒரு கிராம் நீர் அவ்வாறு நகர்ந்தால் அது ஏறக்குறைய 0.68 வாற்று, அதாவது நாம் அளக்க வந்த முழு வெப்பத்துக்கே கிட்டத்தட்டச் சமம். எனவே மாதிரியை முன்கூட்டியே 23 பாகை செல்சியசிலும் 50% சாரீரப்பதனிலும் நிறை மாறாத நிலைக்குக் கொண்டுவருகிறார்கள், சோதனைக்கு முன்னும் பின்னும் நிறுக்கிறார்கள். உப்புவெளிக் காற்றில் திறந்து வைத்த கம்பளித் துண்டை நேரே கருவிக்குள் வைத்தால், வலு முதலில் உயர்ந்து நின்று பின்னர் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். அந்த இறக்கம்தான் அடையாளம். தொடர்ந்து எடுத்த அளவீடுகள் 1 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் போதாது, அவை ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருக்கவும் கூடாது. இல்லையேல் உறுதி நிலை வரவில்லை.

பொதியில் உள்ள எண்ணுக்கு வருவோம். அது ஒரு மாதிரியின் அளவீடு அன்று. ஐரோப்பிய முறையில், உற்பத்தியில் இருந்து எடுத்த பல மாதிரிகளின் சராசரியுடன் பரவலுக்கேற்ற ஒரு தொகையைச் சேர்த்து, உற்பத்தியில் 90 சதவீதமாவது அதைவிட மோசமாக இராது என்று 90 சதவீத நம்பிக்கையுடன் சொல்லக்கூடிய பெறுமானம் கணிக்கப்படுகிறது. பின்னர் அது 0.001 இன் அடுத்த மடங்குக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்படும். 0.0354 என்று வந்தால் பொதியில் 0.036 தான் அச்சாகும். தொழிற்சாலைகளின் அன்றாடச் சோதனையில் பெரும்பாலும் இருப்பது ஹொட் பிளேட் அன்று, வெப்பப்பாய்ச்சல்மானி. அது வேகமானது, ஆனால் கடத்தாறு ஏற்கெனவே தெரிந்த நியமப் பலகையைக் கொண்டு அளவுதிருத்தப்பட வேண்டும், அந்தப் பலகையின் எண் ஹொட் பிளேட்டிலிருந்தே பிறக்கிறது.

அந்த எண் எந்தச் சராசரி வெப்பநிலைக்குரியது என்பதையும் பாருங்கள். ஐரோப்பியப் பொதிகளில் அது பெரும்பாலும் 10 பாகை. மத்திய வீதியில் வாங்கிய சுருளை நம் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் விரித்தால் நண்பகலில் சராசரி 40 பாகைக்கு மேலும் போகலாம். வினாவில் வெப்பநிலைக் குணகம் 0.0046 என்று தந்திருந்தால், 0.035 ஐ e^(0.0046 × 30) ஆல் பெருக்க 0.040 வரும். பொதியில் பொய் இல்லை. சோதனையின் நிபந்தனை வேறு, கூரையின் நிபந்தனை வேறு.

ஹொட் பொக்ஸ் பகுதியை நான் சுருக்கமாகவே படித்தேன், நீங்களும் அப்படியே செய்யலாம். ஐஎஸ்ஓ 8990 கூறும் இந்தப் பெட்டி, λ தேடும் பலகைக்கு உரியதன்று. சாந்து இணைப்புகள், குழிக்கற்கள், சட்டங்கள் கொண்ட முழுச் சுவரை அல்லது சாளரத்தை வைத்து, அதன் ஊடுகடத்தல் குணகமான U ஐ அது தருகிறது. சுவரின் சூடான பக்கத்தில் ஒட்டிய அளவீட்டுப் பெட்டியைச் சுற்றிக் காப்புப் பெட்டி, மறுபக்கம் குளிரறை. மையத்துக்கும் வளையத்துக்கும் இருந்த அதே உறவுதான் இந்த இரு பெட்டிகளுக்கும், ஆனால் இங்கே சமநிலை முழுமையாகக் கிட்டாததால் எஞ்சிய இழப்புகளைக் கழிக்க வேண்டும்.

சுவர்ப் பரப்பு 2.25 சதுர மீற்றர், இருபக்கக் காற்றின் வேறுபாடு 20 கெல்வின், சூடாக்கி 30 வாற்று, காற்றைச் சுழற்றும் விசிறி 4 வாற்று, பெட்டிச் சுவர் ஊடான இழப்பு 1.5, மாதிரியின் விளிம்பு வழியே சுற்றிப்போவது 0.5 என்றால், சுவரைக் கடந்தது 34 − 2 = 32 வாற்று; U = 32 / (2.25 × 20) = 0.71. விசிறியின் மின்வலுவும் பெட்டிக்குள்ளேயே வெப்பமாக முடிகிறது. விசிறியின் வலுவை வினாவில் வேறொரு வரியில், பெரும்பாலும் கருவி விவரணத்தோடு சேர்த்துத் தந்திருப்பார்கள். வாசிக்கும்போதே அதற்கு அடிக்கோடு இடுங்கள். இந்த U இன் தலைகீழிலிருந்து இருபக்கக் காற்றுப் படைகளின் தடையைக் கழிக்காமல் சுவரின் தடை என்று எழுத வேண்டாம். குழிகள் உள்ள சுவருக்கு அதிலிருந்து λ என்று ஒன்றைக் கணித்து எழுதவே வேண்டாம்.