கணக்கிலேயே இல்லாத பேலட்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கிடங்கில் நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். சோப்பு, தேங்காய் எண்ணெய், டீத்தூள் மாதிரியான சரக்கு. நவம்பரில் ஆரம்பித்து பிப்ரவரி வரைக்கும், "பில்லில் இருக்கிறது, வண்டியில் வரவில்லை" என்று டீலர்களிடமிருந்து கிளெய்ம் வந்துகொண்டே இருந்தது. ஒரு பில்லில் 2 பெட்டி, இன்னொன்றில் 7 பெட்டி, இப்படி. கிடங்கை எண்ணிப் பார்த்தால் சிஸ்டம் கணக்கும் கையிருப்பும் சரியாக இருக்கும். அப்படியென்றால் வண்டியில் ஏற்றும்போதுதான் யாரோ எடுக்கிறார்கள் என்று முடிவுகட்டி, லோடுமேன்களின் பைகளைச் சோதிக்க ஆரம்பித்தார்கள், கான்ட்ராக்டர் அவர்கள் கூலியிலும் பிடித்தார். ராத்திரி முழுக்க என்னோடு நிற்கிற ஆட்கள் அவர்கள். எனக்கு அது பொறுக்கவே இல்லை.

மாதாமாதம் எங்களுக்கு வந்த ரிப்போர்ட் கிளெய்ம் பதிவான தேதி வாரியாக இருந்தது. அதனால்தான் நான்கு மாதமாகத் திருட்டு நடக்கிற மாதிரி தெரிந்தது. நான் ஒவ்வொரு கிளெய்முக்கும் பில் நம்பரை வைத்து, சரக்கு கிளம்பிய தேதியை எடுத்துப் பக்கத்தில் எழுதினேன். சில பெட்டிகளைத் தவிர எல்லாமே தீபாவளிக்கு முந்தின வாரத்தில் போன வண்டிகள்! பண்டிகை நெரிசலில் டீலர் வந்த சரக்கை எண்ணாமல் இறக்கியிருப்பார், அப்புறம் எண்ணி, சேல்ஸ் ஆளிடம் சொல்லி, அது ஆபீசுக்கு வந்து சேர ஒருவருக்கு ஒரு மாதம், இன்னொருவருக்கு மூன்று மாதம். அந்த வண்டிகள் அத்தனையும் ஆறாம் நம்பர் டாக்கில் ஏற்றியவை.

லோடிங் மேஸ்திரியிடம் கேட்டேன். "அண்ணே, தீபாவளி சமயத்துல இங்க என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்றதும், "கேட்ட வண்டி வரல சார், சின்ன வண்டி அனுப்பினாங்க, ஏத்த முடியாத பெட்டிய ஓரமா ஒரு பேலட் பலகைல அடுக்கி வச்சோம், மறுநாள் அனுப்பறதா சொன்னாங்க" என்றார்.

விஷயம் அங்கேதான் இருந்தது. வண்டி வருவதற்கு முன்பே பில்லும், சரக்கு ரோட்டில் போவதற்கான ஈ-வே பில்லும் போட்டாகிவிடும், பில் போட்ட நிமிடமே சிஸ்டம் அந்தப் பெட்டிகளை இருப்பிலிருந்து கழித்துவிடும். ஏற்ற முடியாமல் பெட்டி மிஞ்சினால் ஈ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து, ஏற்றிய அளவுக்குப் புதிதாகப் பில் போட வேண்டும். அந்த நெரிசலில் யாரும் செய்யவில்லை. ஆக அந்தப் பெட்டிகள் எங்கள் இருப்பிலும் இல்லை, டீலரிடமும் இல்லை. எத்தனை தடவை எண்ணினாலும் கணக்கு சரியாகத்தான் வரும்.

சரி, பேலட் எங்கே? எண்ணிக்கைக்கு வருகிற பட்டியலில் சரக்கு இருப்பதாக சிஸ்டம் நினைக்கிற இடங்கள் மட்டும்தான் இருக்கும். நான் அதற்கு எதிரானதை எடுத்தேன்: காலி என்றும், சரக்கு வைக்கக் கூடாது என்று பிளாக் என்றும் காட்டுகிற இடங்கள். லோடிங் முடிந்த பிறகு டார்ச்சோடு ஒவ்வொரு வரிசையாக மேலே பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆறாம் டாக்குக்கு நேர் எதிரே F-11-4, உச்சித் தட்டு. அங்கே முன்பு, பேலட்டை உயரத்தில் ஏற்றுகிற ரீச் டிரக் இடித்து ராக்கின் கால் வளைந்ததால் பிளாக் செய்திருந்தார்கள், வளைந்த அந்தக் காலை மாற்றிய பிறகும் சிஸ்டத்தில் பிளாக்கை எடுக்கவில்லை. மேலே ஃபிலிம் சுற்றிய ஒரு பேலட் நின்றது, லேபிள் கிடையாது. காலை ஷிஃப்டில் சரக்கு இறக்க டாக்கைக் காலி செய்யும்போது யாரோ ஸ்கேன் பண்ணாமல் ஏற்றியிருக்க வேண்டும்.

உடனே பிரிக்கவில்லை. மேஸ்திரி, செக்யூரிட்டி இரண்டு பேரையும் கூப்பிட்டு, மேலே இருந்த நிலையிலேயே படம் எடுத்து, அப்புறம்தான் இறக்கச் சொன்னேன். ஒவ்வொரு பெட்டியிலும் டீலர் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஸ்டிக்கரையும் பேட்ச் நம்பரையும் எழுதி, கிளெய்ம் பட்டியலோடு ஒத்துப் பார்த்தோம். கிளெய்ம் 73 பெட்டி, பேலட்டில் 68. இதை அப்படியே இருப்பில் சேர்க்கக் கூடாது. வராத பெட்டிகளுக்கான தொகையைக் கழித்து டீலருக்கு கிரெடிட் நோட் போயிருந்தால் அது நம் சரக்கு, அக்கவுண்ட்ஸ் ஒப்புதலோடு இருப்பில் ஏறும். கிரெடிட் நோட் போகவில்லை என்றால் அது இன்னும் டீலருடையது, அவருக்குத்தான் அனுப்ப வேண்டும். டீத்தூளுக்கு மட்டும் காலாவதி தேதி பார்த்துத் தனியாக வைத்தோம்.

பில் வாரியான பட்டியலையும் படங்களையும் மேனேஜரிடம் கொடுத்து, பிடித்த கூலியைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டேன். அடுத்த சம்பளத்தில் கான்ட்ராக்டர் சேர்த்துக் கொடுத்தார். மீதி 5 பெட்டியும் ஜனவரியில் ஒரே வண்டியில் போனவை, அந்த டிரான்ஸ்போர்ட்காரரிடம் தனியாக விசாரணை நடக்கிறது.