ஒரே திட்டப்பணி, மூன்று கடிதங்கள்: ஜெர்மனி முதுநிலை விண்ணப்பங்களுக்கு மோட்டிவேஷன் லெட்டரை மாற்றி எழுதும் முறை

இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் பொதுவாக ஒரே பருவத்தில் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். குளிர்காலப் பருவத்துக்கான கடைசி நாட்கள் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூலை வரையிலான சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து வந்துவிடுவதால், அந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறோம் என்று விளக்கும் மோட்டிவேஷன் லெட்டர் ஒவ்வொன்றையும் வெற்றுத்தாளிலிருந்து தொடங்கி எழுதுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. எனவே நான் ஓர் அடிப்படைக் கடிதத்தை வைத்துக்கொண்டு மாற்றி எழுதினேன். பின்னர் இளைய மாணவர்கள் பலரின் கடிதங்களைத் திருத்தியபோதும் அதே முறையையே பின்பற்றினேன். அந்த முறையை இங்கே விரிவாகப் பகிர்கிறேன்.

பலரும் கடிதத்தின் முதல் முக்கால் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசிப் பத்தியில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அதைப் புகழும் இரண்டு வரிகளையும் மாற்றுகிறார்கள். "உலகத் தரம் வாய்ந்த ஆய்வகங்களும் அனுபவமிக்க பேராசிரியர்களும் கொண்ட உங்கள் பல்கலைக்கழகம்" என்ற வரி எந்த ஊருக்கும் பொருந்தும். நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படிக்கும் தேர்வுக்குழுவினருக்கு அந்த ஒரு வரியே போதும், இது அச்சில் வார்த்த கடிதம் என்று தெரிந்துவிடும். மாற வேண்டியது அவர்களைப் பற்றிய புகழுரை அல்ல; நம்முடைய அனுபவத்தின் எந்தப் பக்கத்தை அவர்களுக்குக் காட்டுகிறோம் என்பதே என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே அடிப்படைக் கடிதத்தை முடிவுற்ற கடிதமாக எழுதி வைக்கக் கூடாது. அனுப்பப்போகும் கடிதத்தைவிட மூன்று மடங்கு நீளமுள்ள சேமிப்பாக அது இருக்க வேண்டும். ஒரு திட்டப்பணியைப் பற்றி எழுதும்போது என்ன சிக்கல், எதை அளந்தோம், எந்தக் கருவியால் அளந்தோம், எங்கே தடை வந்தது, அதை எப்படித் தாண்டினோம், எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்று எல்லாவற்றையும் அதில் எழுதிவிட வேண்டும். விடை கிடைக்காத கேள்வியைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. ஆனால் மேற்படிப்பு ஏன் தேவை என்பதற்கு நேர்மையான காரணம் பல நேரங்களில் அங்கேதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மாணவரின் இறுதியாண்டுத் திட்டப்பணி, மையவிலக்குப் பம்ப் ஒன்றின் பேரிங் பழுதை அதிர்வு உணரியால் முன்கூட்டியே கண்டறிவது. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்றுகள் ஓடுகிறது. பேரிங் 6205 வகை. அதன் வெளிவளையத்தில் கீறல் விழுந்தால் ஏறக்குறைய 86 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் தட்டல் எழ வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த அதிர்வெண்ணைத் தேடுகிறார். சோதனை மேடையில் அது தெளிவாகத் தெரிகிறது; பம்ப்பில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் இரைச்சலில் புதைந்துவிடுகிறது. இவ்வளவும் அடிப்படைக் கடிதத்தில் இருக்கட்டும்.

இவர் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அட்வான்ஸ்டு மேனுஃபாக்சரிங், சீகன் பல்கலைக்கழகத்தின் மெக்கட்ரானிக்ஸ், கைசர்ஸ்லாட்டர்னின் கமர்ஷியல் வெஹிக்கிள் டெக்னாலஜி ஆகிய மூன்றுக்கும் விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். கெம்னிட்ஸுக்கான கடிதத்தில் பம்ப்புக்கு ஒரே வாக்கியம் போதும். பேரிங்கின் நிலையை அறிவதே மையமாக வர வேண்டும், ஏனெனில் கடைசல் அல்லது அரவை இயந்திரத்தின் சுழல்தண்டில் பேரிங் தேய்ந்தால் அந்த அதிர்வு பொருளின் மேற்பரப்பிலேயே பதிந்துவிடும். பழுதைக் கண்டறிவதிலிருந்து உற்பத்தித் தரத்தை நோக்கி நகர விரும்புவதாக அவர் எழுதலாம். இயந்திரக் கருவிகளை ஆராயும் ஃபிரான்ஹோஃபர் ஐடபிள்யூயூ நிறுவனமும் அதே நகரில் இருப்பதால், அந்த விருப்பத்துக்கு உண்மையான இடமும் இருக்கிறது.

சீகனுக்கு எழுதும்போது அதே திட்டப்பணியில் முன்னே வர வேண்டியது தண்ணீர் ஓடியபோது புதைந்துபோன அந்தத் தட்டல். உணரியை எங்கே பொருத்தினார், என்ன வடிகட்டியை முயன்றார், எளிய அதிர்வெண் பகுப்பு ஏன் போதவில்லை என்பவற்றை விவரித்து, சிக்னல் ப்ராசஸிங் பாடம் தனக்கு எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்று அவர் காட்டலாம். கைசர்ஸ்லாட்டர்னுக்கோ, சோதனை மேடைக்கும் நிஜப் பயன்பாட்டுக்கும் உள்ள இடைவெளியே பொருள். டிராக்டரும் மண்வாரி இயந்திரமும் ஒரே சீரான வேகத்திலும் சுமையிலும் ஓடுவதில்லை. மாறும் சுமையில் ஒரு பாகத்தின் ஆயுளை எப்படிக் கணிப்பது என்பது வணிக வாகனத் துறையின் அன்றாடக் கேள்வி. மூன்று கடிதங்களிலும் திட்டப்பணி ஒன்றே, ஒரு வரிகூடப் பொய் இல்லை, ஆயினும் ஒன்றின் நடுப்பத்தியை மற்றொன்றில் ஒட்ட முடியாது.

இந்த நடுப்பத்தியை எழுதப் பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கம் உதவாது. மாட்யூல் ஹேண்ட்புக் என்னும் பாடவிவரத் தொகுப்பைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கம், முன்தேவைகள், தேர்வுமுறை எல்லாம் அதில் இருக்கும். பத்துப் பாடங்களின் பெயர்களை வரிசையாக அடுக்குவதால் பயனில்லை. ஒரு பாடத்தை, அதிகம் போனால் இரண்டை எடுத்துக்கொண்டு, அதன் உள்ளடக்கத்தில் உள்ள எந்தப் பகுதி நம்முடைய விடை கிடைக்காத கேள்வியைத் தொடுகிறது என்று எழுத வேண்டும். தொகுப்பின் ஆண்டைப் பார்த்துக்கொள்வதும் அவசியம். பழைய தொகுப்பில் இருந்த பாடம் இப்போது நடக்காமல் இருக்கலாம். பேராசிரியர் பெயரைக் குறிப்பிடுவதாக இருந்தால் அவர் இன்னும் அங்கே பணியில் இருக்கிறாரா என்பதையும் துறையின் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும்.

நேரத்தை மிச்சப்படுத்துவது விண்ணப்பிக்கும் வரிசைதான். உற்பத்தி, மெக்கட்ரானிக்ஸ், வாகனம் என்று படிப்புகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். குழுவின் முதல் கடிதத்துக்கு அரை நாள் பிடிக்கலாம். அடுத்தவற்றுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே போதும், அதிலும் பெரும்பகுதி பாடத்தொகுப்பைப் படிக்கவே செல்லும். ஒவ்வொரு முறையும் முதலில் நடுப்பத்தியை எழுதி, அதற்கு ஏற்பத் தொடக்கப் பத்தியின் கடைசி வாக்கியத்தைத் திருத்துங்கள். தொடக்கம் பழையதாகவும் நடுப்பகுதி புதியதாகவும் இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் பொருள் திடீரென்று திரும்புவது படிப்பவருக்குத் தெரியும். வாய்விட்டுப் படித்தால் அந்த இடம் நமக்கே புலப்படும்.

அனுப்புவதற்கு முன் முந்தைய பல்கலைக்கழகத்தின் பெயர், ஊர், படிப்பின் பெயர் ஆகிய மூன்றையும் கோப்பில் தேடிப் பாருங்கள். பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் உள்ள தலைப்பில் பழைய பெயர் ஒளிந்திருப்பதுண்டு. பிரௌசரில் திறக்கும்போது அதுவே மேலே தெரியும். பக்க வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். ஒரு பக்கம் மட்டுமே கேட்கும் இடத்துக்குச் சுருக்கும்போது பலர் முதலில் வெட்டுவது நடுப்பத்தியைத்தான். வெட்ட வேண்டியவை பள்ளிப்பருவத்து ஆர்வத்தைச் சொல்லும் வரிகளும், மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே உள்ள தகவல்களும்.

சில படிப்புகளுக்கு எவ்வளவு முயன்றாலும் இந்த நடுப்பத்தி அமையாது. பாடத்தொகுப்பு முழுவதையும் படித்த பிறகும் நம் கேள்வியைத் தொடும் பாடம் ஒன்றும் அகப்படாது. அப்போது புகழுரையால் அந்த இடத்தை நிரப்பாமல் அந்தப் படிப்பைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள். பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பெற்றுச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் ஆகிறது. அந்த 30 யூரோவையும் அந்த மாலையையும் பொருந்தும் படிப்பு ஒன்றின் பாடத்தொகுப்புக்குச் செலவிடலாம்.